புழுதி பறக்க உழுங்கள் என்று எழுதியது நான்தான்

இதழுக்கு வந்த வாசகர் கேள்விகளில் ஒன்றை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். ‘எங்களுடையது செம்மண் நிலம். ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக மணிலா விதைக்கப் போகிறேன். ரோட்டவேட்டர் இரண்டு முறை ஓட்டினால் போதுமா, மூன்று முறை ஓட்ட வேண்டுமா?’ இவ்வளவுதான் கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு மணிலாக் கொல்லையில் நான் தலைகுனிந்து நின்ற கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் அந்த விவசாயி போன் செய்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம். “சார், மல்லாட்டை போட்டு ஒன்பது நாள் ஆவுது. பாதிகூட மொளைக்கல. வெதை நல்ல வெதைதான், நானே கையால ஒடைச்சது. ஒருவாட்டி வந்து பாருங்க” என்றார்.

போய்ப் பார்த்தேன். நிலம் பார்வைக்கு அழகாக இருந்தது. ஒரு கட்டி இல்லை, ஒரு புல் இல்லை. வழித்துவிட்ட களம் மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேல்மண் முழுவதும் அப்பளம் காய்ந்ததுபோல ஏடு கட்டியிருந்தது. நகத்தால் நெம்பினால் கால் அங்குல கனத்தில் பத்தையாகப் பெயர்ந்து வந்தது. பத்தைக்கு அடியில் மணிலா முளைத்துத்தான் இருந்தது. மேலே வர முடியாமல் தண்டு தடித்து, கொக்கிபோல வளைந்து, அங்கேயே மஞ்சளாகிக் கிடந்தது. விதைத்த மூன்றாம் நாள் ஒரு கோடை இடி மாதிரி மழை கொட்டியதாகவும், அதன் பிறகு நாலு நாள் நல்ல வெயில் என்றும் அவர் சொன்னார்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குச்சி வைத்து ஐந்து இடங்களில் எண்ணினோம். வரிசைக்கு வரிசை ஓர் அடி, செடிக்குச் செடி நாலு அங்குலம் என்ற கணக்கில் விதைத்தால் ஒரு சதுர மீட்டரில் 33 செடி இருக்க வேண்டும். எங்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது 17.

“எப்படிங்க உழுதீங்க?” என்று கேட்டேன்.

“கொறை ஒண்ணும் வைக்கல சார். ரெண்டு சால் ரோட்டவேட்டர் அடிச்சேன். மனசு ஆறாம மூணாவதும் அடிச்சேன். மண்ணு மாவு மாதிரி ஆயிடுச்சு. நீங்க குடுத்த நோட்டீசுல புழுதி பறக்க உழுவணும்னு போட்டிருந்தீங்களே.”

அந்தத் துண்டறிக்கையை எழுதியது நான்தான். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளில், மணிலா சாகுபடிக் குறிப்புகள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அதில் நிலத் தயாரிப்புக்கு ஒரே வரி: ‘கட்டிகள் இல்லாமல், புழுதி பறக்க நன்கு உழவும்.’ நான் எழுதிய காலத்தில் எங்கள் பக்கத்தில் நாட்டுக் கலப்பையும் ஐந்து கலப்பையும்தான். நாலு சால் ஓட்டினாலும் அந்தக் கலப்பைகளால் மண்ணை மாவாக்க முடியாது. அதனால் அந்த வரி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. பிறகு ரோட்டவேட்டர் வந்தது. நானே கூட்டம் போட்டு அதைப் பரிந்துரைத்தேன். பழைய வரியைத் திருத்தவில்லை. நாட்டுக் கலப்பைக்கு எழுதிய வார்த்தையை ரோட்டவேட்டர் அப்படியே நிறைவேற்றிக் காட்டிவிட்டது.

நாம் எதற்காக உழுகிறோம்? மழைத்தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும், களை சாக வேண்டும், விதை ஈரமண்ணை ஒட்டி உட்கார வேண்டும், வேர் தடையில்லாமல் கீழே போக வேண்டும். இவற்றில் எதற்கும் மண் மாவாக இருக்கத் தேவையில்லை. மண் என்பது தனித்தனித் துகள் அல்ல. மணலும் வண்டலும் களியும் சேர்ந்து, மக்கு, வேரின் கசிவு, பூஞ்சாண இழை ஆகியவை பசைபோல ஒட்டி, சிறு சிறு குருணைகளாக நிற்கின்றன. கேழ்வரகு அளவிலிருந்து துவரை அளவு வரை இருக்கும் இந்தக் குருணைகளுக்கு இடையில் உள்ள சந்துகளில்தான் காற்றும் தண்ணீரும் ஓடுகின்றன. ரோட்டவேட்டரை மூன்று முறை சுழற்றியடித்தால் குருணை உடைந்து துகளாகிவிடும். மழைத்துளி விழுந்ததும் அந்தத் துகள் கரைந்து சந்துகளை அடைத்துக்கொள்ளும். வெயில் அடித்ததும் ஏடாக இறுகும். செம்மண்ணில் மக்குச் சத்து குறைவு என்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அன்று இதை அவருக்கு வார்த்தையில் சொன்னபோது, “மண்ணு மண்ணுதானே சார்” என்றார். அவர் வீட்டம்மாவிடம் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். கலப்பையே படாத வரப்பில், வேப்பமரத்து அடியிலிருந்து கோலிக்குண்டு அளவு காய்ந்த கட்டி ஒன்று எடுத்தேன். அதே அளவில் கொல்லையிலிருந்து ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் மெல்ல விட்டோம். கொல்லைக் கட்டி புஸ்ஸென்று குமிழ் விட்டு ஒரு நிமிடத்துக்குள் சரிந்து சேறாக அடியில் படிந்தது. வரப்புக் கட்டி ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்ததோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டும் ஒரே மண்தான். நடுவில் பத்தடி தூரம்தான். அவர் டம்ளரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார். “மேல மட்டும் இல்ல சார், கீழயும் கெட்டிதான். களை கொத்தும்போது எங்களுக்குத் தெரியும். அரை சாண் எறங்கினா கொத்து எகிறும். போன வருசம் புடுங்கும்போது பாதிக் காய் மண்ணுலயே அறுந்து நின்னுடுச்சு. சொன்னா இவரு கேட்டாத்தானே.”

மண்வெட்டி வாங்கி ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டினோம். குழியின் பக்கவாட்டை நறுக்கென்று செதுக்கிவிட்டு, மேலிருந்து கீழே கத்தி முனையால் குத்திக்கொண்டே வந்தேன். ஐந்து அங்குலம் வரை கத்தி வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. அதற்குக் கீழே மூன்று அங்குல கனத்துக்குக் கத்தி நின்றது. அந்த இடத்து மண்ணைப் பெயர்த்தால் குருணையாக உதிரவில்லை, ஓடு ஓடாகப் படுக்கைவசத்தில் பிளந்தது. அதற்கும் கீழே மறுபடி மண் இளக்கம். போன ஆண்டுப் பயிரின் காய்ந்த வேர்கள் அந்தத் தட்டு வரை நேராக வந்து, அங்கிருந்து சுவரில் முட்டியதுபோலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. புத்தகத்தில் இதைக் கடினப் படுகை என்போம்.

இந்தத் தட்டும் அந்த மேல் ஏடும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள். ரோட்டவேட்டர் நாலைந்து அங்குல ஆழத்துக்குத்தான் போகும். அதன் கத்தி ‘எல்’ எழுத்துபோல மடங்கியது. மடங்கிய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் அடிமண்ணைக் கரண்டியால் பூசுவதுபோலத் தேய்த்துவிட்டுப் போகும். ஆண்டுக்கு இரண்டு பட்டம், பட்டத்துக்கு மூன்று முறை, எல்லாம் ஒரே ஆழத்தில். கூடவே டிராக்டரின் பாரம். மண் ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் இரண்டு வேலையும் பல மடங்கு நன்றாக நடக்கும். “மழை பேஞ்ச மறுநாளே வண்டி கெடைச்சுது, ஓட்டிட்டேன்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். டிரைவரைக் குறைசொல்ல முடியாது. மண் மாவாக இருந்தால்தான் நாம் ‘நல்லா ஓட்டினான்’ என்று அடுத்த முறையும் கூப்பிடுகிறோம்.

அந்தப் பருவத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏடு கட்டியது ஐந்தாம் நாளுக்குள் தெரிந்திருந்தால், கிணற்றுத் தண்ணீர் இருப்பவர் லேசாகத் தெளித்து ஏட்டை ஊறவைக்கலாம். தண்ணீர் இல்லாதவர் முள் படலை மேலோட்டமாக இழுத்துக் கீறிவிடலாம். முளை மேலே முட்டிக்கொண்டிருக்கும் ஒன்பதாம் நாளில் படல் இழுத்தால் இருக்கும் முளையும் ஒடியும். வந்த பயிரை வைத்து ஒப்பேற்றினார். விதைச் செலவுகூட முழுதாகத் திரும்பவில்லை.

அடுத்த சித்திரையில் நானே போனேன். நான் எழுதிய வரியால் வந்த நஷ்டம், அதைச் சரிசெய்யும் வேலையிலும் கூட இருக்க வேண்டும் என்று தோன்றியது. முதலில் தட்டு எங்கெங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். விரல் கனத்தில், இரண்டரை அடி நீளத்தில் முனை கூரான கம்பி ஒன்று போதும். நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்துக் குத்திப் பார்க்க வேண்டும். காய்ந்த மண்ணில் எங்கே குத்தினாலும் கெட்டியாகத்தான் இருக்கும், அது கணக்கில் சேராது. கம்பி எந்த ஆழத்தில் திணறுகிறது, எந்த ஆழத்தில் மறுபடி சுலபமாக இறங்குகிறது என்று இருபது இடங்களில் குறித்துக்கொண்டோம். பெரும்பாலான இடங்களில் ஐந்து அங்குலத்தில் தொடங்கி எட்டு, ஒன்பது அங்குலத்தில் முடிந்தது.

தட்டை உடைப்பது உளிக் கலப்பையின் வேலை. இது மண்ணைப் புரட்டாது. நீண்ட ஒற்றை உளி, தட்டுக்குக் கீழே நுழைந்து அதைத் தூக்கி நொறுக்கிக்கொண்டு போகும். 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டர் வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு சால் என்று, அதாவது ஒன்றே முக்கால் அடி இடைவெளியில், முதலில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும் ஓட்ட வேண்டும். ஆழம் ஓர் அடிக்குக் குறையக் கூடாது. உளியின் முனை தட்டுக்குள்ளேயே ஓடினால் வெறும் கோடுதான் விழும். சித்திரை, வைகாசியில் அடிமண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் தட்டு நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் களிமண்ணில் கத்தியை இழுத்ததுபோல ஒரு பிளவு விழுந்து, அதன் இரு பக்கமும் இன்னும் இறுகும். வேளாண்மைப் பொறியியல் துறையில் இந்தக் கலப்பையை வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

அவருக்கு அரை நம்பிக்கைதான். “ஒரு ஏக்கர் ஓட்டுவோம் சார், அரை ஏக்கர் பழையபடியே கெடக்கட்டும்” என்றார். எனக்கும் அது நல்லதாகப் பட்டது. ஓட்டிய ஒரு ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழு உரம் போட்டோம். உடைத்த மண்ணில் எரு போகாவிட்டால் ஒரு பெருமழையில் மறுபடி உட்கார்ந்துவிடும். உடைத்ததை நிலைக்க வைப்பது எருவும் வேரும்தான், இரும்பு அல்ல.

அதன் பிறகு ஒரு கோடை மழை கிடைத்தது. அன்றே டிராக்டரைக் கூப்பிடாமல் பதம் பார்த்தோம். பதம் பார்ப்பது இப்படி: நாலைந்து அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள். பிறகு இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் திரித்துப் பாருங்கள். பென்சில் குச்சியின் உள்ளே இருக்கும் மை அளவுக்கு மெல்லிய திரியாக ஒடியாமல் வந்தால் ஈரம் அதிகம், காத்திருங்கள். உருண்டை பிடிக்க வந்து, கட்டைவிரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தால் அதுதான் பதம். உருண்டையே பிடிக்காவிட்டால் பதம் தாண்டிவிட்டது. அப்போது உழுதால் பாதி கட்டியும் பாதி தூசியும்தான் கிடைக்கும். எங்களுக்கு மூன்றாம் நாள் பதம் வந்தது. ஒன்பது கலப்பையை ஒரே ஒரு சால் ஓட்டி, அப்படியே ஆறப்போட்டோம். ஆடியில் விதைப்பு மழை விழுந்ததும் மறுபடி பதம் பார்த்து ஒன்பது கலப்பை இன்னொரு சால், முளைத்த களைக்கும் சேர்த்து. அதற்கு மேல் பலுகு ஒரு முறை. பெரிய கட்டிகளை உடைத்து மேல் இரண்டு, மூன்று அங்குலத்தைச் சமப்படுத்துவது மட்டுமே பலுகின் வேலை. விதை விழும் அந்த ஆழத்தில் மண் நயமாக இருந்தால் போதும். மேலே அங்கங்கே கொட்டைப்பாக்கு அளவில் கட்டி கிடந்தது. அவருக்கு மனசே ஆறவில்லை. “பார்க்கிறவன் சிரிப்பான் சார்” என்றார். அந்தக் கட்டிகள்தான் மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்ளும் என்று சொல்லிச் சமாளித்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

அரை ஏக்கரில் அவர் வழக்கப்படி ரோட்டவேட்டர் இரண்டு சால். இரண்டு பக்கமும் ஒரே விதை, ஒரே நாள்.

அந்த ஆண்டும் விதைத்து ஐந்தாம் நாள் மழை பெய்தது. பத்தாம் நாள் எண்ணினோம். உளி ஓட்டிய பக்கம் சதுர மீட்டருக்குச் சராசரி 28 செடி. பழைய பக்கம் 21. ஆவணியில் பதினெட்டு நாள் மழை இல்லை. பழைய பக்கம் ஒன்பதாம் நாளே மதியத்தில் இலை மடிந்தது. மறுபக்கம் இன்னும் நாலைந்து நாள் தாக்குப்பிடித்தது. பிடுங்கும்போது அந்த அம்மா ஒரு செடியைத் தூக்கி என்னிடம் காட்டினார். காய் அறுந்து மண்ணில் நிற்கவில்லை. விழுது சுலபமாக இறங்கியிருந்தது. ஏக்கர் கணக்கில் பார்த்தால் மூன்று மூட்டை வித்தியாசம். இதில் எருவின் பங்கும் உண்டு. எருவை ஒரு பக்கம்தான் போட்டோம் என்பதால், உளியால் எவ்வளவு, எருவால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கதை அத்தோடு முடியவில்லை. அடுத்த ஆண்டு விதை கிடைக்கத் தாமதமாகி, அவசரத்தில் ஈரத்திலேயே ரோட்டவேட்டர் விட்டார். அறுவடைக்குப் பிறகு கம்பி குத்திப் பார்த்தால், சக்கரம் ஓடிய தடங்களில் ஆறு அங்குலத்தில் மறுபடி திணறியது. உளிக் கலப்பையை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டச் சொல்வது இதனால்தான். பழக்கம் மாறாவிட்டால் மூன்று ஆண்டுகூடத் தாங்காது.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் உளிக் கலப்பையைத் தேட வேண்டாம். கம்பி குத்தித் தட்டு இல்லையென்றால் அந்தச் செலவு வீண். முக்கியமாக நெல் வயலில் ஓட்டிவிடாதீர்கள். சேற்றுழவு செய்வதே மண்ணின் குருணையை வேண்டுமென்றே கலைத்து, அடியில் தட்டு உண்டாக்கித் தண்ணீரை நிறுத்துவதற்காகத்தான். மணிலாவுக்கு எதிரியான அந்தத் தட்டு நெல்லுக்கு நண்பன். அதை உடைத்தால் கட்டிய தண்ணீர் நிற்காது. ரோட்டவேட்டரையும் நான் வெறுக்கவில்லை. கரும்புத் தோகையையும் சோளத் தட்டையையும் நறுக்கி மண்ணில் கலக்க அதைப்போல ஒன்று இல்லை. ஓட்டுவதானால் பதத்தில், பட்டத்துக்கு ஒரு முறை. பின்பலகையைத் தூக்கிவிட்டு, வண்டியைச் சற்று வேகமாகவும் கத்தியை மெதுவாகவும் ஓடச் சொன்னால் குருணை மிஞ்சும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: இரண்டா மூன்றா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிலத்தில் முதலில் கம்பியைக் குத்துங்கள், டம்ளரில் கட்டியைப் போட்டுப் பாருங்கள். தட்டு இல்லையென்றால், கோடை மழைப் பதத்தில் ஒன்பது கலப்பை ஒன்று, விதைப்புக்கு முன் ஒன்று, பலுகு ஒன்று. ரோட்டவேட்டர் தேவைப்படாது. நான் துண்டறிக்கையில் அந்த வரியை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: ‘பதம் பார்த்து உழவும். விதை விழும் ஆழத்தில் மண் கேழ்வரகு முதல் துவரை அளவு குருணையாக இருந்தால் நிறுத்திவிடவும்.’ பழைய நோட்டீஸ் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.